கெடு நீட்டக் கேட்டு எழுதிய கடிதம்

எனக்கு இருபத்து மூன்று வயதில் ஒரு பொக்கிஷம் கிடைத்தது. அதாவது, ஸ்ரீரங்கத்து மாதர் சங்கத்தின் பொக்கிஷதாராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது பொருளாளர் என்கிறார்கள். அப்போது எங்கள் மினிட்ஸ் புத்தகத்தில் பொக்கிஷதார் என்றுதான் எழுதியிருக்கும். தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. மற்ற இருபத்து மூன்று பேரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஸ்கூல் பைனல் வரை படித்தவள். அதோடு, யாராவது என்னை ஏதாவது கேட்டால் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விட்டார்கள்.

இந்தச் சிரிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறு வயதிலிருந்தே உண்டு. பயந்தாலும் சிரிப்பு, திட்டினாலும் சிரிப்பு. கல்யாணத்தன்று ஹோமப் புகையில் சிரித்ததை என் மாமியார் கடைசி வரை மறக்கவில்லை. ஆனால் பொக்கிஷதாராக இருந்த அந்த ஒரு வருஷம் நான் சிரித்தது போல அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் இல்லை.

அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பிரசவ விடுதி கட்டுவது என்று சங்கம் தீர்மானித்திருந்தது. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு கிணறு. ஓர் அறையில் பிரசவம், இன்னோர் அறையில் மருத்துவச்சி குடியிருப்பது. நிலம் ஒருவர் தானமாகக் கொடுத்தார். கட்டடத்துக்குப் பட்டணத்தில் ஒரு தர்ம டிரஸ்டு இரண்டாயிரம் ரூபாய் மான்யம் கொடுக்கச் சம்மதித்தது. அதற்குச் சில ஷரத்துகள் உண்டு. முதல் தவணை ஆயிரத்து இருநூறு. சுவர் கூரை மட்டத்துக்கு வந்ததும் ஓவர்சியர் சர்ட்டிபிகேட் அனுப்பினால் மீதி எண்ணூறு. மார்ச் முடிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் செலவாகாத பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கெடு நீட்ட வேண்டுமென்றால், கெடு முடிய ஒரு மாதம் முன்னாலேயே காரணத்தையும் வரவு செலவையும் எழுதிக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மான்யப் பணம் கட்டடத்துக்கு மட்டும்.

சித்திரையில் முதல் செக் வந்தது. சங்கத்துத் தலைவி, ஒரு பெரிய வக்கீலின் சம்சாரம், அதை இரண்டு கையாலும் வாங்கிப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்துச் சேவித்தார். எல்லோரும் அவரைத் தலைவி மாமி என்போம். ஆகிருதியும் குரலும் அதற்கு ஏற்ற மாதிரி இருக்கும். மேஸ்திரி வந்து, ஆவணியில் கிரகப்பிரவேசம் என்று வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவது போல அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதை நம்பி நாங்கள் ஆவணி முதல் தேதியிலிருந்து ஒரு மருத்துவச்சியை நியமித்தோம். அந்தச் சம்பளம் சங்கத்துச் சந்தாப் பணத்திலிருந்து. வீடு வீடாகப் போய், இனிமேல் பிரசவத்துக்குப் பயப்பட வேண்டாம், படித்த நர்ஸ் வருகிறார் என்றும் சொல்லிவிட்டோம்.

ஆடியில் கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தது. கரையோரச் சூளையில் எங்களுக்காக அறுத்து வைத்திருந்த பச்சைச் செங்கல் அத்தனையும் கரைந்து களிமண்ணாகிவிட்டது. புதிதாக அறுத்து, காயவைத்து, சுட்டு முடிப்பதற்குள் ஐப்பசி மழை. மழை விட்டதும் மார்கழி. மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் கொத்தனார் கிடைப்பாரா? கோயில் பந்தல் வேலைக்கும் வெள்ளையடிக்கவும் எல்லோரும் போய்விட்டார்கள். திருநாள் கூட்டத்தில் பார வண்டியை ஊருக்குள் விடவும் இல்லை. தை பிறந்தபோது சுவர் என் இடுப்பளவு இருந்தது. நான் அப்படியொன்றும் உயரமில்லை.

ஆனால் குழந்தைகள் செங்கல்லுக்காகக் காத்திருக்கவில்லை. ஆவணி இரண்டாம் நாளே முதல் அழைப்பு வந்தது. நர்ஸம்மா குடியிருந்ததோ ஆற்றுக்கு அந்தக் கரையில், சிந்தாமணியில். எங்கள் கட்டடம் முடிந்திருந்தால் இங்கேயே இருந்திருப்பார். இப்போது ஒவ்வொரு தடவையும் பாலத்தைத் தாண்டி அழைத்து வந்து, மறுபடி கொண்டு விட வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் பார்க்க, பிரசவத்துக்கு, அப்புறம் குழந்தையைக் குளிப்பாட்ட என்று ஒரு வீட்டுக்கே பல நடை. தென்னூர் ஜட்காக்காரர் ஒருவர், போய் வர எட்டணாவுக்கு ஒப்புக்கொண்டார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். குதிரைக்கு அதைவிடக் கூட இருக்குமென்று தோன்றும். சந்தாப் பணம் சம்பளத்துக்கே சரியாக இருந்தது. கமிட்டி கூடி, வண்டிக் கூலியைத் தற்காலிகமாகக் கட்டடக் கணக்கிலிருந்து கொடுப்பது என்று தீர்மானம் போட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். தற்காலிகம் என்பது எவ்வளவு நீளமான வார்த்தை என்று அப்போது எனக்குத் தெரியாது.

மாசியில் தபாலாபீஸ் பாஸ் புத்தகத்தையும் ரசீதுகளையும் கூடத்தில் பரப்பிக் கூட்டிப் பார்த்தேன். கல், செங்கல், சுண்ணாம்பு, மணல், கூலி எல்லாம் சேர்த்து எண்ணூற்று எழுபத்தோரு ரூபாய் நாலணா. ஜட்கா, நூற்றுத் தொண்ணூற்று மூன்று நடை, தொண்ணூற்றாறு ரூபாய் எட்டணா. கையிருப்பு இருநூற்று முப்பத்திரண்டு ரூபாய் நாலணா. கூட்டினால் ஆயிரத்து இருநூறு, தம்பிடி பிசகவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஊஞ்சலில் படுத்திருந்த என் கணவர் கண்ணைத் திறந்து, "கணக்கு சரியாப் போச்சா, இல்லை பைத்தியம் பிடிச்சுடுத்தா?" என்று கேட்டார்.

"சரியாப் போச்சு. ஆனா தப்பாப் போச்சு," என்றேன்.

மறுநாள் மத்தியானம் தலைவி மாமி வீட்டில் கமிட்டி. வக்கீல் மாமா கெடு நீட்டக் கேட்டு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். நான்கு பக்கம். படித்தால் கோர்ட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. அதில் ஜட்கா என்ற வார்த்தையே இல்லை. 'வண்டிக் கூலி, தொண்ணூற்றாறு ரூபாய் எட்டணா' என்று செங்கலுக்குக் கீழே ஒரு வரி மட்டும் இருந்தது.

"மாமி, இது நர்ஸம்மாவோட ஜட்காக் கூலி இல்லையோ? செங்கலுக்கு வந்த கட்டை வண்டிக் கூலி மாதிரின்னா இருக்கு," என்றேன்.

"ஜட்காவும் வண்டிதானே. கட்டை வண்டியும் வண்டிதானே. பொய்னு ஒரு எழுத்து இருக்கா அதிலே?" என்றார் மாமி.

"அப்போ நர்ஸம்மா செங்கல் கணக்கிலே வந்துடுவாளே."

சொல்லி முடிக்கும் முன்பே, நர்ஸம்மாவைச் செங்கலோடு செங்கலாக அடுக்கிக் கொண்டு வருவது கண்முன் வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மாமி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிப்பெல்லாம் அப்புறம் வைச்சுக்கோ. உள்ளதை உள்ளபடி எழுதினா, பணத்தைக் கண்டபடி செலவழிச்சுட்டோம்னு மீதியையும் திருப்பிக் கேட்பா. இடுப்புயரச் சுவரை வைச்சுண்டு என்ன பண்றது? மாட்டைக் கட்டறதா?"

மாமி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவர் தனக்கென்று ஒரு பைசா எடுத்தவர் இல்லை. அந்தக் கட்டடம் எழும்ப வேண்டுமே என்ற தவிப்பு. எனக்கும் பயம்தான். ஆனால் ரசீதுக் கட்டு என் மடியில் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஜட்காக்காரரின் பெருவிரல் ரேகை. யார் வீட்டுக்குப் போனது, எதற்குப் போனது என்று என் கையால் எழுதியது. மேல வாசல் பூக்காரி, இரட்டைக் குழந்தை. வடக்கு வாசல், தாய்க்கு ஜுரம், மூன்று நடை. இதையெல்லாம் செங்கல் என்று எப்படி எழுதுவது? டிரஸ்டில் ரசீது கேட்டால் எதைக் காட்டுவது?

"மாமி, பொக்கிஷதார் நான். கையெழுத்து என்னுது. கடுதாசியை நானே எழுதறேன். அனுப்பறதுக்கு முன்னாடி கமிட்டியிலே படிச்சுக் காட்டறேன். வேண்டாம்னா பொக்கிஷத்தை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்கோ," என்று சாவிக் கொத்தை எடுத்துப் பாயில் வைத்தேன்.

சாவியை எடுக்க ஒருவரும் கை நீட்டவில்லை. இருபத்து மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். அதைப் பார்த்ததும் மாமிக்கே வாயோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கடிதத்தை மூன்று நாள் எழுதினேன். தமிழிலேயே எழுதினேன். டிரஸ்டு விதிகளில் தமிழிலும் எழுதலாம் என்று இருந்தது. முதல் தாளில் மன்னிப்பு அதிகமாகிவிட்டது. இரண்டாவதில் கொள்ளிடம் அதிகமாகிவிட்டது. மூன்றாவதில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். ஞாபகத்திலிருந்து சொல்கிறேன், ஏறக்குறைய இப்படித்தான்:

'தாங்கள் அன்புடன் அளித்த முதல் தவணை ரூபாய் ஆயிரத்து இருநூறுக்கு வரவு செலவுப் பட்டியல் இத்துடன் வைத்திருக்கிறேன். ரசீதுகள் எங்களிடம் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் பார்வையிடலாம். கட்டடம் கெடுவுக்குள் முடியாது. காரணம், செங்கல் வெள்ளத்தில் போனதும், மழையும், மார்கழியில் ஆள் கிடைக்காததும். மேஸ்திரி சொன்ன தேதியை விசாரிக்காமல் நம்பியது எங்கள் பிசகு. இப்போது சுவர் மூன்றடி எழுந்திருக்கிறது. ஓவர்சியரின் சர்ட்டிபிகேட் இணைத்திருக்கிறேன். ஆறு மாதம் நீட்டிக் கொடுத்தால் முடித்துவிடலாம். மாதாமாதம் எந்த வேலை முடியும் என்ற விவரம் பின் பக்கத்தில் இருக்கிறது.

'மேற்படித் தொகையில் தொண்ணூற்றாறு ரூபாய் எட்டணா கட்டடத்துக்குச் செலவாகவில்லை. மருத்துவச்சியின் ஜட்காவுக்குச் செலவானது. இது ஷரத்துக்கு விரோதம் என்று தெரியும். முன்கூட்டித் தங்கள் அனுமதி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இந்த நடைகளில் முப்பத்தொரு பிரசவம் பார்க்கப்பட்டது. தாய்மார் எல்லோரும் சௌக்கியம். குழந்தைகளில் இரண்டு தங்கவில்லை. இந்தச் செலவைத் தாங்கள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்கிறோம். அனுமதிக்க இயலாது என்றால் எப்படி ஈடு செய்ய வேண்டும் என்று தெரிவிக்கக் கோருகிறோம்.'

கமிட்டியில் படித்தபோது, அந்த இரண்டு குழந்தைகள் வந்த இடத்தில் மட்டும் என் குரல் நின்றது. தலைவி மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அனுப்பு," என்றார்.

ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. டிரஸ்டின் காரியதரிசி நேரில் வந்து பார்ப்பார்.' கிழமை, ரயில், அவ்வளவுதான். சந்தோஷமா கோபமா என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரியவில்லை.

அந்தப் பங்குனிக் காலை, ஜங்ஷனில் அவரை எதிர்கொள்ள நானும் என் கணவரும் போனோம். தலைவி மாமி வீட்டில் சமையலை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்க ஒரு ரோஜா மாலை. வண்டி? நம் தென்னூர் ஜட்காதான். வேறு நல்ல வண்டி பிடிக்கலாம் என்றார் என் கணவர். இந்த வண்டிக்குத்தானே இத்தனை கடுதாசி, அவர் இதையே பார்க்கட்டும் என்றேன் நான்.

காரியதரிசி இறங்கினார். அறுபது வயது, உயரம், மூடிய கோட்டு, தலைப்பாகை, கையில் தோல் பை. முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. மாலையைப் போட என் கணவர் கையைத் தூக்கியதும், "வேண்டாம். நான் சோதிக்க வந்தவன். மரியாதை வாங்கிக்கொண்டு சோதிக்கக் கூடாது," என்றார். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் என்ன வரும் என்று சொன்னேனே. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். என் கணவர் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிட்டார். மாலை என் மடிக்கு வந்தது.

ஜட்கா புறப்பட்டது. சிந்தாமணி திரும்பும்போது, கையை உயர்த்திக்கொண்டு ஓர் உருவம் நடுத்தெருவுக்கு ஓடி வந்தது. நர்ஸம்மா.

"பாய், நிறுத்துங்க. திருவானைக்காவல்லே இருந்து ஆள் வந்திருக்கு. வலி எடுத்து ரொம்ப நேரமாச்சாம்." அப்புறம்தான் உள்ளே பார்த்தார். "அய்யோ, பெரியவர் இருக்காரா. நான் வேற வண்டி பார்த்துக்கறேம்மா."

ஜட்காக்காரர் என்னைப் பார்த்தார். நான் காரியதரிசியைப் பார்த்தேன். பட்டணத்திலிருந்து வந்த பெரியவரை இறக்கிவிட முடியாது. பிரசவத்தையும் நிறுத்தி வைக்க முடியாது. காரியதரிசி பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி, சுற்றி வந்து, முன்னால் ஜட்காக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நீண்ட கால் இரண்டும் ஏர்க்காலுக்கு வெளியே தொங்கின.

"பையைக் கொடுங்கள் அம்மா. நான் வைத்துக்கொள்கிறேன்," என்றார் நர்ஸம்மாவிடம்.

காவேரிப் பாலத்தில் அந்தக் குதிரை அன்று ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாரம் அதிகம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிறது. கீழே ஆற்றில் மணல் பளபளக்கிறது. மலைக்கோட்டை பின்னால் போகிறது. நர்ஸம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஜபம் சொல்கிறார். முன்னால் ஒரு கையில் தலைப்பாகையும் ஒரு கையில் மருத்துவப் பையுமாகத் தர்ம டிரஸ்டின் காரியதரிசி. என்னால் முடியவில்லை. பாலத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சிரித்துக்கொண்டே வந்தேன். கண்ணீர் ஓடுகிறது. நர்ஸம்மாவும் ஜபத்துக்கு நடுவில் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

திருவானைக்காவலில் ஒரு சந்து. நர்ஸம்மா பையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். வெந்நீர் வைக்க நானும் உள்ளே போனேன். காரியதரிசி வெளியில் நின்றார். உள்ளே எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பெண் குழந்தை. தொப்புள் கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. நர்ஸம்மாவின் விரல்கள் அதை எடுத்துவிட்ட வேகம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இன்னும் கால் மணி தாமதமாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

நான் வெளியே வந்தபோது, அந்த வீட்டுப் பாட்டனார் காரியதரிசியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் ஐயாவே நேர்லே வந்தீங்களே. தாயும் பிள்ளையும் பிழைக்குமுங்களா?"

"நான் டாக்டர் இல்லை ஐயா. கணக்குப் பார்க்க வந்தவன்."

"கணக்குப் பார்த்துச் சொல்லுங்க. நட்சத்திரம் எப்படிங்க?"

குழந்தையின் அழுகைச் சத்தம் வாசலுக்குக் கேட்டது. ஜட்காக்காரர் "நல்லாருக்கட்டும்" என்று சொல்லிக் குதிரையைத் தட்டிக்கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன், நான் வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போன ரோஜா மாலையின் நார் மட்டும் மிச்சம். மீதியைக் குதிரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

காரியதரிசி நாரைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். "மரியாதை வாங்கிக்கொள்ள அதற்குத் தடை இல்லை," என்றார். முகம் அப்போதும் அசையவில்லை. பிறகு ஜட்காக்காரரிடம், "இந்த நடைக்கு எவ்வளவு?"

"எட்டணாங்க. பெரியவர் வந்ததுக்குத் தனியா ஒண்ணும் இல்லே."

"ஸ்டேஷனிலிருந்து வந்தது என் சொந்தச் செலவு. அதை நான் தருகிறேன். இந்த அம்மாள் வந்ததற்கு மட்டும் இவர்களிடம் ரசீது போடுங்கள்."

கட்டடத்தைப் பார்க்கப் போனோம். தலைவி மாமியும் கமிட்டியும் ஒரு மணி நேரமாக வெயிலில் காத்திருந்தார்கள். சுவருக்குள் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காரியதரிசி சுவரை அளந்தார், செங்கலைத் தட்டிப் பார்த்தார், சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார். ஓவர்சியர் எழுதிய மூன்றடி மூன்றடியாகவே இருந்தது. பிறகு மாமி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூற்றுத் தொண்ணூற்று மூன்று ரேகைகளையும் பார்த்தார். நடுவில் ஒன்றை எடுத்து, "இரட்டைக் குழந்தை என்று இருக்கிறதே. எப்படி இருக்கின்றன?" என்று கேட்டார். கொழுகொழுவென்று இருக்கின்றன என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

கடைசியில் பாஸ் புத்தகம்.

"வட்டி எங்கே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மார்ச் கழிச்சுத்தான் தபாலாபீஸிலே வட்டி எழுதுவா."

"சரி. வரும்போது அதுவும் மான்யத்தைச் சேர்ந்தது, உங்கள் சங்கத்தைச் சேர்ந்ததல்ல. கடிதத்தில் அதையும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்." கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்று கேட்கிறேன் அம்மா. இதைச் செங்கல் வண்டிக் கூலி என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காதே. ஏன் எழுதவில்லை?"

மாமி கையிலிருந்த மோர்த் தம்ளர் தாம்பாளத்தில் நங்கென்று விழுந்தது. நான் மாமியைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் செத்தேன்.

"எழுதலாம்னு பேச்சு வந்தது," என்றேன். "ஆனா ரசீதிலே பேர் எல்லாம் இருக்கே. அவாளையெல்லாம் செங்கல்னு எழுத எனக்கு வரலை."

மாமி தொண்டையைக் கனைத்தார். "பேச்சை எடுத்தவள் நான்தான்," என்றார், வக்கீலாத்து அம்மாளுக்குரிய கம்பீரத்தோடு. "மோர் இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கோ."

காரியதரிசி மோர் வாங்கிக்கொண்டார். தம்ளருக்குள் அவர் மீசை கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கமிட்டி முழுவதும் மாமி வீட்டுக் கூடத்தில். நான் நின்றுகொண்டு படித்தேன். ஒன்று, கெடு ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு, கட்டடப் பணத்தை ஜட்காவுக்குச் செலவழித்தது தவறு, அதை அனுமதிக்க இயலாது, சங்கம் தன் சொந்தப் பணத்தைக் கட்டடக் கணக்கில் போட்டு அந்தத் தொகையை ஈடு செய்த பிறகே இரண்டாம் தவணை. கைதட்டல் நின்றது. மூன்று, கட்டடம் முடிந்து மருத்துவச்சி குடிவரும் வரை, ஜட்காக் கூலிக்காக மாதம் பதினைந்து ரூபாய் வேறொரு நிதியிலிருந்து தனியாக அனுப்பப்படும். அதற்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

சிறிது நேரம் ஒருவருக்கும் புரியவில்லை.

"அதாவது," என்றார் மாமி மெதுவாக, "செய்தது தப்புங்கறா. அதையே தொடர்ந்து செய்யுங்கோங்கறா."

அவ்வளவுதான். அந்தக் கூடம் அன்று சிரித்தது போல எந்தக் கல்யாண வீடும் சிரித்திருக்காது. மாமி தூணில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் படித்த காகிதத்தை ஆளாளுக்குப் பிடுங்கிப் பார்த்ததில் ஓரம் கிழிந்துவிட்டது. அதை அப்படியே ஃபைலில் ஒட்டி வைத்தேன்.

தொண்ணூற்றாறு ரூபாய் எட்டணாவுக்கு எங்கே போவது? நான் சொன்னேன், நூற்றுத் தொண்ணூற்று மூன்று நடை இருக்கிறது, நாம் இருபத்து நாலு பேர் இருக்கிறோம், ஆளுக்கு எட்டு நடை வாங்கிக்கொள்ளலாம், ஒரு நடை எட்டணா. சரி என்றார்கள். ஆனால் எந்த எட்டு? அங்கேதான் ஆரம்பித்தது. ஒருத்தி, "எங்காத்துப் பின்கட்டிலே குடியிருக்கிறவளுக்குப் பிறந்ததே, அந்த நடை எனக்கு," என்றாள். இன்னொருத்திக்கு ஐப்பசி அடைமழையில் பாலத்தில் போன நடைகள்தான் வேண்டும், அதுதான் புண்ணியம் அதிகமாம். இரட்டைக் குழந்தை நடைக்கு மூன்று பேர் போட்டி. கடைசியில் சீட்டுக் குலுக்கினோம். கையில் பணம் இல்லாதவர்கள் இரண்டு மாதத் தவணை சொன்னார்கள். எங்களிடமே கெடு கேட்டார்கள், கொடுத்தோம். ஒருத்தி தன் பங்குக்குப் பித்தளை அடுக்கைக் கொண்டு வந்து வைத்தாள். அதை மாமி கடையில் கொடுக்கவிடாமல் தானே விலைக்கு எடுத்துக்கொண்டார்.

எட்டு இருபத்து நாலு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒரு நடை மிஞ்சியது. ஜட்காக்காரர் மாதக் கூலி வாங்க வந்தபோது அவரிடம் விளையாட்டாகச் சொன்னேன், ஒரு நடைக்கு ஆளில்லை என்று. அவர் இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஓர் அரை ரூபாயை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம் பாய், நீங்க வாங்கின கூலியை நீங்களே திருப்பித் தரதா?"

"நாலாவது மாசம் ஒரு நாள் குதிரைக்கு நொண்டல். அந்த நர்ஸம்மா பாதிப் பாலத்திலே இறங்கி நடந்துதான் போனாங்க. நான் முழுக் கூலி வாங்கிட்டேன். எனக்கு அது உறுத்திக்கிட்டே இருந்துச்சும்மா. ரசீது குடுங்க."

ரசீது கொடுத்தேன். அவர் அதைப் படிக்கத் தெரியாமலே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டார்.

ஈடு செய்த பணமும் கையிருப்பும் சேர்ந்து சுவரைக் கூரை மட்டத்துக்கு ஏற்றிவிட்டன. சர்ட்டிபிகேட் போயிற்று, எண்ணூறு வந்தது. புரட்டாசியில் கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கடைசி வேலையாகத் தளம் போட்டார்கள். உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவையைக் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கலவை இறுகும் வரை நாள் கணக்காகத் தட்டுவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே தட்டுவார்கள். மேஸ்திரி ஆள் குறைகிறது என்று தலையைச் சொறிந்தார். தலைவி மாமி ஒன்பது கஜத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். ஏணி முனகியது. மாமி ஏறிவிட்டார். பின்னாலேயே நாங்கள்.

சித்தாள் பெண்கள் முதலில் கூச்சப்பட்டார்கள். பிறகு இடம் விட்டு, கட்டையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் பாட்டுக்கு எங்களுக்குத் தாளம் வரவில்லை. எங்கள் பாசுரத்துக்கு அவர்களுக்கு வரவில்லை. கடைசியில் பாட்டை விட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே தட்டினோம். கொள்ளிடக் காற்று, கோபுரத்துக் கிளிகள், கீழே கிணற்றில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம். என் புடவையெல்லாம் சுண்ணாம்பு. நூறு தாண்டியதும் எண்ணிக்கை தப்பிப் போயிற்று. யாரும் திருத்தவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தோம்.